தொலைந்த இன்ஜின் பில்லுக்கு நகல் கேட்டு நான்கு நாளாகிறது, எப்படி எழுதினால் கடையில் தேடி எடுப்பார்கள்?

பாம்பன்_வள்ளம் | 2025 மே 12, இரவு 9:10

எங்களுடையது நாட்டுப்படகு, பாம்பன் தென்கடல் பக்கம் தொழில். போன வருஷம் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் புது டீசல் இன்ஜின் வாங்கி வள்ளத்தில் இறக்கினோம். இப்போது டீசல் பம்பில் கோளாறு, ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிஷம் ஓடுகிறது, அப்புறம் இருமிக்கொண்டே அணைந்துவிடுகிறது. கம்பெனி சர்வீஸ் ஆளிடம் பேசினேன். வாரண்டி பதினெட்டு மாதம், பில் தேதியில் இருந்துதான் கணக்கு, பில்லைக் காட்டினால் வந்து பார்க்கிறேன் என்கிறார். வாரண்டி அட்டை இருக்கிறது, ஆனால் கடையில் அதில் சீல் மட்டும் வைத்துவிட்டுத் தேதியை எழுதாமல் கொடுத்திருக்கிறார்கள். பில் போன மழையில் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது.

ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், இந்த இரண்டு மாதம்தான் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். இந்த நேரம் பார்த்து எங்கள் வள்ளம் கரையில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது இது, அப்படியே போடுகிறேன்:

> வணக்கம் சார் நல்லா இருக்கீங்களா. நான் பாம்பன்ல இருந்து அந்தோணி மகன் பேசுறேன். போன வருஷம் தடைக்காலத்துல உங்க கடைல இன்ஜின் வாங்கினோம் சார், அப்பாதான் வந்திருந்தாங்க. வீட்டுல மழைத்தண்ணி எறங்கி பேப்பர் எல்லாம் நனஞ்சு போச்சு. டூப்ளிகேட் பில் ஒண்ணு வேணும் ரொம்ப அர்ஜென்ட் சார். தயவுசெஞ்சு அனுப்புங்க.

நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சனிக்கிழமை இரண்டு நிமிஷத்துக்கு வாய்ஸ் அனுப்பினேன். இன்று காலை போன் போட்டால், "பேர் போட்டுப் பார்த்தோம் தம்பி, இல்லை. பில் நம்பர் இருக்கா?" என்கிறார்கள். நம்பர் இருந்தால் பில்லும் இருந்திருக்குமே. இதற்கு மேல் என்ன எழுதுவது?

நியாயம்_ராம்நாடு | இரவு 9:42

கெஞ்சவே வேண்டாம் தம்பி. ஜிஎஸ்டி சட்டப்படி கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை 72 மாதம் வைத்திருந்தே ஆகவேண்டும். போன வருஷத்து பில் இல்லை என்று சொல்லவே முடியாது. "சட்டப்படி வைத்திருக்க வேண்டும், மூன்று நாளில் தராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்" என்று எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. தானாகக் கிடைக்கும்.

மண்டபம்_சேவியர் | இரவு 9:58

எதற்கு இவ்வளவு பாடு? கடைக்குப் போய் இன்றைய தேதியில் ஒரு பில் போட்டுத் தரச் சொல். அவர்களுக்கும் தேடுகிற வேலை மிச்சம், உனக்குப் பில் கிடைத்த மாதிரியும் ஆச்சு, வாரண்டியும் இன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

கல்லாப்_பக்கம் | இரவு 10:35

தம்பி, நான் ராமநாதபுரத்தில் மோட்டார், பம்ப்செட் விற்கிற ஒரு கடையில் பதினொரு வருஷம் பில் போட்டவள். நீ பில் கேட்கிற கடை நான் இருந்த கடை இல்லை, ஆனால் எல்லாக் கடையிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு உன் செய்தி எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

முதலில் மேலே இரண்டு பேர் சொன்னது. புதுத் தேதியில் பில் போடச் சொல்லாதே. விற்காத சரக்குக்கு இன்னொரு விற்பனை கணக்கில் ஏறும், அதற்கு வரியும் கட்டவேண்டி வரும், நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொண்டாலும் உனக்குத்தான் ஆபத்து. கம்பெனி அந்த இன்ஜின் நம்பரை டீலருக்கு எப்போது அனுப்பினோம் என்று பார்த்தால் 2024இல் போன இன்ஜினுக்கு 2025 மே பில் எப்படி வந்தது என்று கேட்பார்கள், இருக்கிற வாரண்டியும் சந்தேகத்தில் விழும். 72 மாதம் என்பது உண்மை, வருஷக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியில் இருந்து எண்ணுவார்கள். ஆனால் கடைக்காரர் பில் இல்லை என்று மறுக்கவில்லையே, தேடிக் கிடைக்கவில்லை என்றுதானே சொல்கிறார். நோட்டீஸ் அனுப்பினால் அது முதலாளி மேஜைக்குப் போகும், பில் போடுகிற பெண்ணுக்கு அதனால் தேடுவது ஒன்றும் சுலபமாகாது.

அந்தப் பெண் என்ன செய்திருப்பாள் தெரியுமா? கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து "அந்தோணி" என்று தட்டியிருப்பாள். கடையில் வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப் போகிற விற்பனையில் பார்ட்டி பெயர் என்ற இடத்தில் `Cash` என்றுதான் இருக்கும். வாங்கினவர் பெயர் பில்லில் அச்சாகும், ஆனால் அது வேறொரு பெட்டியில் தட்டியது, லெட்ஜர் பட்டியலில் தேடினால் வராது. ஒருவேளை உன் அப்பா பெயரில் லெட்ஜர் திறந்திருந்தாலும் `ANTONY`, `ANTHONY`, `ANTHONI` என்று பில் போட்டவர் கைக்கு எது வந்ததோ அதுதான் இருக்கும், இந்தக் கடற்கரையில் அந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று உனக்கே தெரியும். ஆகவே பெயர் என்பது தேட உதவாத விவரம். நீ செய்தியில் கொடுத்த ஒரே விவரம் அதுதான்.

அவள் கையில் ஓடுகிற விவரம் தேதியும் தொகையும். டே புக் என்று ஒன்று உண்டு, ஒரு நாளைக் கொடுத்தால் அன்றைய பில் எல்லாம் வரிசையாக வரும். இன்ஜின் மாதிரிப் பெரிய தொகை ஒரு நாளில் இரண்டோ மூன்றோதான் இருக்கும், ஒரு பார்வையில் கண்ணில் படும். நீ கொடுத்தது "போன வருஷம் தடைக்காலம்". அது இரண்டு மாதம், அதில் எத்தனை பில் இருக்கும் என்று யோசித்துப் பார்.

அப்புறம் "டூப்ளிகேட்". சரக்கு பில் மூன்று பிரதி. முதலாவது வாங்குபவருக்கு, இரண்டாவதின் தலையில் `DUPLICATE FOR TRANSPORTER` என்று அச்சாகும், அது வண்டிக்காரருக்கு, மூன்றாவது கடைக்கு. டூப்ளிகேட் வேண்டும் என்றால் புதிதாக வேலைக்கு வந்த பையன் அந்த இரண்டாவது பிரதியை எடுத்து நீட்டுவான், கம்பெனியில் அதைத் திருப்பிவிடுவார்கள். எங்கள் கடையிலேயே நடந்திருக்கிறது. "அதே நம்பர், அதே தேதி, வாங்குபவர் பிரதி, மறுபடி அச்சிட்டது" என்று கேள்.

இன்னொன்று, நீ அனுப்பிய நாள். ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 என்கிற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் பில் போடுகிறவர் தலையைத் தூக்கியிருக்க மாட்டார். இனி 20ஆம் தேதி வரி கட்டுகிற 3பி கணக்கு வருகிறது. இடையில் இருக்கிற இந்த வாரம் நல்ல வாரம், காலை பத்தரைக்குள் அனுப்பு.

இப்போது நீ சொல்லவேண்டியது: பணம் எப்படிக் கொடுத்தீர்கள்? ஒரே தடவையா? யார் கணக்கில் இருந்து? இன்ஜின் நம்பர் படிக்க முடிகிறதா? உண்மையில் எந்தத் தேதி?

தொண்டி_கருவாடு | இரவு 11:05

இவ்வளவு தேடலே வேண்டாம் தம்பி. ஜிஎஸ்டி போர்ட்டலில் நுழைந்து அந்த மாதத்து 2பி எடுத்துப் பார், கடைக்காரர் ஏற்றிய பில் நம்பர், தேதி, தொகை மூன்றும் அதில் இருக்கும். நான் ஐஸ் பெட்டி பில் தொலைத்தபோது அப்படித்தான் நம்பர் எடுத்துக் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் நகல் வந்தது.

கல்லாப்_பக்கம் | இரவு 11:12

அண்ணே, உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறது, பில்லும் அந்த நம்பருக்குப் போட்டிருப்பார்கள், அதனால் வந்தது. உங்களை மாதிரி வியாபாரம் செய்கிறவர்களுக்கு அதுதான் முதல் வழி, அதில் சந்தேகமே இல்லை. தம்பி வீட்டில் பதிவு இல்லை என்றுதான் நினைக்கிறேன். பதிவு இல்லாதவருக்குப் போட்ட பில் எந்த 2பியிலும் ஏறாது.

பாம்பன்_வள்ளம் | மே 13, காலை 6:50

பதிவு எல்லாம் இல்லை அக்கா. நீங்கள் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். தடைக்காலம் என்று நான் எழுதியதே பாதி தப்பு. முன்பணம் இருபதாயிரம் கொடுத்தது பெரிய வியாழன் அன்று, சாயந்தரப் பூசைக்குத் திரும்பவேண்டும் என்று அவசரமாகக் கிளம்பி வந்தது அவருக்கு நன்றாக நினைவு இருக்கிறது. இன்ஜினை வண்டியில் ஏற்றி வந்தது விசைப்படகுகளைக் கட்டிய மறுநாளோ அதற்கும் மறுநாளோ. மீதியை அன்று ரொக்கமாகக் கொடுத்தோம். மொத்தம் தொண்ணூற்று நாலாயிரத்துச் சொச்சம், ஆனால் அதில் காற்றாடி, ராடு, புஷ் எல்லாம் சேர்த்தி. முன்பணம் என் அத்தான் போனில் இருந்து ஜிபே. அப்பாவிடம் அப்போது ஜிபே இல்லை.

இன்ஜின் நம்பர் தகட்டில் இருக்கிறது, ஆனால் உப்பு ஏறி மங்கிவிட்டது. போட்டோ எடுத்தால் வெள்ளையாகத் தெரிகிறது.

கல்லாப்_பக்கம் | காலை 8:15

அப்பா நினைவு நம்மைக் காப்பாற்றிவிட்டது. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, ஆகவே பெரிய வியாழன் மார்ச் 28. தடைக்காலம் ஏப்ரல் 15இல் ஆரம்பம், ஆகவே இன்ஜின் எடுத்தது ஏப்ரல் 16 அல்லது 17. நடுவில் மார்ச் 31 வருகிறது பார், சிக்கலே அங்கேதான். கணக்கு வருஷம் அன்றோடு முடிகிறது. பல கடைகளில் வருஷம் முடிந்ததும் டேட்டாவைப் பிரித்து ஏப்ரல் 1இல் இருந்து டேலியில் தனிக் கம்பெனியாகத் திறந்துவிடுவார்கள், பில் நம்பரும் மறுபடி ஒன்றில் இருந்து ஓடும். நீ "தடைக்காலம்" என்றதும் அவள் 2024-25ஐ மட்டும் திறந்து பார்த்திருப்பாள். பில் 2023-24இல் இருந்தால் அந்தத் திரையில் எத்தனை தேடினாலும் வராது.

சரக்கு கைமாறும்போது பில் போடுவதுதான் முறை, அப்படியானால் ஏப்ரல். ஆனால் விற்பனையை அந்த வருஷத்துக் கணக்கிலேயே காட்டுவதற்காக, முன்பணம் வந்ததும் மார்ச் கடைசியிலேயே பில் போட்டுவிடுகிற கடைகளும் உண்டு. எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, இரண்டையும் எழுது.

அத்தான் போனில் இருந்து பணம் போனது இன்னும் முக்கியம். முன்பணம் வந்ததும் யாருடையது என்று கடையில் எழுதி வைக்கவேண்டும் அல்லவா? ஜிபே திரையில் வந்த பெயரைப் பார்த்து அந்தப் பெயரிலேயே லெட்ஜர் திறந்திருக்கலாம். அத்தான் போனில் பழைய பரிவர்த்தனையைத் திறந்தால் `UPI transaction ID` என்று 12 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதை எழுது. அதன் பக்கத்திலேயே எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இன்னொன்று இருக்கும், அது ஆப் தனக்குத்தானே வைத்துக்கொள்கிற எண், கடைக்காரருக்கு உதவாது. போனில் கிடைக்காவிட்டால் பாங்க் ஸ்டேட்மென்டில் மார்ச் 28ஐப் பார், அதே 12 இலக்கம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கவுன்டரில் ஒட்டியிருக்கிற கியூஆரில் போட்டிருந்தால் அன்றைய வசூல் எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக பாங்கில் விழுகிற கடைகள் உண்டு, அங்கே பாங்க் கணக்கில் 20,000 என்று தேடினால் கிடைக்காது. அவர்களுடைய வியாபாரி ஆப்பில் அந்த 12 இலக்கத்தைப் போட்டால் வரும். அதனால் எண்ணோடு "கவுன்டர் கியூஆர்" என்றும் சேர்த்துச் சொல், எங்கே பார்ப்பது என்று அவர்களுக்குப் புரியும்.

இன்ஜின் நம்பருக்கு: தகட்டை டீசல் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடை, சுரண்டாதே. காய்ந்ததும் சாக்பீஸைக் குறுக்காக வைத்துத் தேய், குழிக்குள் தூள் இறங்கும், மேலே விரலால் வழித்துவிட்டால் எண் வெள்ளையாக நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய். கடைசியில் 8ஆ, 3ஆ, B எழுத்தா என்று சந்தேகம் வந்தால் சந்தேகம் என்றே எழுது, ஒன்றைத் தீர்மானித்து எழுதாதே. தப்பான ஒரு இலக்கத்தோடு தேடினால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள்.

கீழக்கரை_பானு | காலை 9:02

லாத்தா, குறுக்கே கேட்கிறேன். எங்கள் பிரிட்ஜ் பில்லும் தொலைந்துவிட்டது, வாப்பா துபாய்க்குப் போகும் முன்னால் வாங்கியது, கார்டு தேய்த்தார். நாளும் தெரியாது, தொகையும் தெரியாது. பிரிட்ஜ் மட்டும்தான் இருக்கிறது. என்ன எழுதுவது?

கல்லாப்_பக்கம் | காலை 9:20

கார்டு என்றால் நல்லது பானு. வாப்பாவின் பாங்க் ஆப்பில் அந்தக் கடை பெயரைத் தேடு, தேதியும் தொகையும் பைசா வரைக்கும் வரும். கார்டின் கடைசி நான்கு இலக்கத்தைச் சேர்த்து எழுது, முழு எண்ணை யாருக்கும் அனுப்பாதே. பிரிட்ஜின் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் பெரும்பாலும் உள்சுவரில், காய்கறித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போது கடையில் கொடுத்த மொபைல் எண் எது என்று வாப்பாவிடம் கேட்டுவை, வீட்டுச் சாமான் கடைகளில் மொபைல் எண்ணைப் போட்டுத்தான் தேடுவார்கள்.

தம்பி, உனக்கும் அதேதான், அப்பா அன்று கொடுத்த போன் எண் எது?

பாம்பன்_வள்ளம் | பகல் 1:30

சாக்பீஸ் வேலை செய்தது அக்கா! கடைசி எழுத்து மட்டும் 8ஆ Bஆ என்று தெரியவில்லை. போன் எண் அப்பாவின் பழைய எண், சிம் இப்போது இல்லை, ஆனால் எண் நினைவு இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

> வணக்கம். பில் நகல் கேட்டு எழுதுகிறேன். நாங்கள் பாம்பனில் மீன்பிடித் தொழில் செய்கிறோம். 2024 பெரிய வியாழன் அன்று என் அத்தான் ஜிபேயில் உங்களுக்கு 20,000 முன்பணம் அனுப்பினார். பிறகு ஏப்ரல் 16 அல்லது 17 அன்று இன்ஜினை எடுத்தோம். மொத்தம் சுமார் 94,000. இன்ஜின் நம்பர், போன் எண், யுபிஐ எண் கீழே உள்ளன. பில் மழையில் நனைந்துவிட்டது.

கல்லாப்_பக்கம் | பகல் 2:05

முன்னதை விட எவ்வளவோ மேல். ஆனால் இன்னும் உன் வீட்டில் நடந்த வரிசையில் எழுதுகிறாய், தேடுகிற வரிசைக்கு மாற்று. வாட்ஸ்அப் பட்டியலில் முதல் வரிதான் தெரியும், அதில் "வணக்கம், பில் நகல்" என்று மட்டும் தெரிந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்கள். முதல் வரியிலேயே சரக்கு, தேதி, தொகை மூன்றும் வரட்டும்.

94,000 என்று எழுதாதே. இன்ஜினுக்கு ஒரு பில், காற்றாடி ராடுக்கு ஒரு பில் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அந்தத் தொகையில் ஒரு பில்லுமே இருக்காது. அப்பாவிடம் இன்ஜின் மட்டும் எவ்வளவு என்று கேட்டு எழுது, கீழே நான் போட்டிருப்பது என் கணிப்புதான். பெரிய வியாழன் என்பது நமக்குப் புரியும், பில் போடுகிறவருக்கு மார்ச் 28 என்று எழுது. மழையில் நனைந்த கதை வேண்டாம், ஏன் தொலைந்தது என்பது அவர்களுக்குத் தேடுவதற்கு உதவாது. நிச்சயம் தெரிந்ததையும் உத்தேசத்தையும் தனித்தனி வரியில் வை, தேடிக் கிடைக்காவிட்டால் எதைத் தளர்த்தித் தேடலாம் என்று அவர்களுக்கே தெரியும்.

இதோ, நான் எழுதினால் இப்படி:

> பில் நகல் தேவை: வள்ளம் டீசல் இன்ஜின், 2024 மார்ச் 28 முதல் 31க்குள், சுமார் ரூ.87,000 முதல் 88,000.
>
> தயவுசெய்து முதலில் 2023-24 கணக்கில் பாருங்கள். இல்லை என்றால் 2024-25இல் ஏப்ரல் 15 முதல் 18 வரை.
>
> நிச்சயம்: முன்பணம் ரூ.20,000, 28-03-2024, கவுன்டர் கியூஆர், யுபிஐ எண் (12 இலக்கம்). அனுப்பியவர் பெயர் (அத்தான் பெயர், ஜிபேயில் இருப்பது போல). கடையில் கொடுத்த மொபைல் (பழைய எண்).
>
> இன்ஜின் நம்பர்: (எண்), கடைசி எழுத்து 8 அல்லது B. தகட்டின் படம் அடுத்த செய்தியில்.
>
> உத்தேசம்: மீதி ரொக்கம், இன்ஜின் எடுத்த அன்று. பில் பெயர் ANTONY / ANTHONY / அத்தான் பெயர். காற்றாடி, ராடு தனி பில்லாக இருக்கலாம், அதுவும் கிடைத்தால் நல்லது.
>
> வேண்டியது: அதே நம்பர், அதே தேதி உள்ள வாங்குபவர் பிரதி, பிடிஎப் போதும். புது பில் வேண்டாம். கம்பெனி வாரண்டிக்கு.

இன்ஜின் நம்பரைப் படமாக மட்டும் அனுப்பாதே, தட்டியும் அனுப்பு. படத்தில் இருப்பதை அவள் மறுபடி பார்த்துப் பார்த்துத் தட்டவேண்டும், செய்தியில் இருந்தால் நகலெடுத்து ஒட்டிவிடுவாள்.

மண்டபம்_சேவியர் | பகல் 2:40

நான் சொன்னது தப்பு என்று புரிகிறது. ஆனால் இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்? வாய்ஸில் சொன்னால் நம் ஊர்க்காரர் என்று ஒரு பரிவு வரும், வேலை நடக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கல்லாப்_பக்கம் | பகல் 3:00

முதலாளியிடம் பேசுவதற்கு வாய்ஸ் சரி அண்ணே. தேடுகிறவர் கடையில் ஆள் நிற்கும்போது வாய்ஸைப் போட்டுக் கேட்க முடியாது, 12 இலக்க எண்ணைக் காதால் கேட்டு எழுதினால் இரண்டு இலக்கம் இடம் மாறிவிடும். நான் நிறையத் தடவை அப்படி எழுதித் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். நீளம் ஒரு பிரச்சினை இல்லை, முதல் இரண்டு வரியிலேயே கிடைத்துவிட்டால் மிச்சத்தைப் படிக்கவே மாட்டார்கள், படிக்கவும் வேண்டாம்.

நியாயம்_ராம்நாடு | பகல் 3:25

நோட்டீஸ் விஷயம் விடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஏன் தமிழில்? டேலியில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது ஆங்கிலத்தில் அனுப்பினால் வேகமாக நடக்காதா?

கல்லாப்_பக்கம் | பகல் 3:31

தேடுவதற்குத் தட்டவேண்டியதை மட்டும் பில்லில் இருக்கிற எழுத்திலேயே கொடுங்கள், பெயர், இன்ஜின் நம்பர், யுபிஐ எண். மற்றதைப் படிக்கிறவர் ராமநாதபுரத்துப் பெண், தமிழில் படித்தால்தான் வேகம். வெளியூர் டீலர், பெரிய கம்பெனி மெயில் என்றால் ஆங்கிலம் நல்லது, அப்போது தலைப்பு வரியில் தேதியும் தொகையும் வரட்டும்.

பாம்பன்_வள்ளம் | மே 14, பகல் 12:15

கிடைத்துவிட்டது அக்கா!! காலை பத்துக்கு அனுப்பினேன், பத்து ஐம்பதுக்கு பிடிஎப் வந்தது. அப்பாவிடம் கேட்டதில் இன்ஜின் மட்டும் எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருந்தார், பில்லிலும் ரூ.87,500தான். தேதி 30-03-2024, நம்பர் `RM/23-24/1187`. நீங்கள் சொன்ன மாதிரி பழைய வருஷக் கணக்கில், அத்தான் பெயரில். போன் போட்டு நன்றி சொன்னேன். அந்த அக்கா சொன்னது: "முன்பணம் அவர் பேர்ல வந்ததால அவர் பேர்லயே கணக்கு திறந்திருக்கோம், நீங்க அப்பா பேரைச் சொன்னா எப்படித் தம்பி கிடைக்கும்?" இன்ஜின் நம்பர் பில்லில் தெளிவாக இருக்கிறது, கடைசி B.

மார்ச் 30இல் இருந்து பதினெட்டு மாதம் என்றால் செப்டம்பர் 30 வரை வாரண்டி. சர்வீஸ் ஆளுக்கு அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

இரண்டு விஷயம் பாக்கி. பில் அத்தான் பெயரில் இருக்கிறது, வாரண்டி அட்டையில் அப்பா பெயர். கம்பெனியில் கேட்பார்களா? கடையில் பெயரை மாற்றித் தரச் சொல்லலாமா? இன்னொன்று, காற்றாடி, ராடு பில் கிடைக்கவே இல்லை என்கிறார்கள், இரண்டு வருஷக் கணக்கிலும் பார்த்தார்களாம்.

கல்லாப்_பக்கம் | பகல் 12:40

ரொம்ப சந்தோஷம் தம்பி, வள்ளம் சீக்கிரம் கடலுக்குப் போகட்டும்.

பெயரை மாற்றச் சொல்லி இப்போது கேட்காதே. இருக்கிற பில்லைத் திருத்தினால் அசல் பில் என்ற பலமே போய்விடும். பெரும்பாலும் சர்வீஸில் பார்ப்பது இன்ஜின் நம்பரும் தேதியும்தான், நம்பர் தகட்டோடு ஒத்துப்போகிறது, தேதியும் வாரண்டிக்குள் இருக்கிறது. கேட்டால் அத்தான் பணம் கட்டிய யுபிஐ எண்ணைக் காட்டு, அவர் குடும்பத்து ஆள் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்லமாட்டேன்.

காற்றாடி பில்: அன்று உங்கள் கையில் கொடுத்தது எப்படி இருந்தது என்று அப்பாவிடம் கேள். அச்சடித்த பில்லா, கையால் எழுதிய சீட்டா?

தொண்டி_கருவாடு | பகல் 1:10

பெயர் விஷயத்தில் அக்கா சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் ஐஸ் பெட்டிக்கு அண்ணன் பெயரில் பில் இருந்தது, கம்பெனியில் திருப்பிவிட்டார்கள், கடைக்காரரிடம் அலைந்து கடிதம் வாங்கித்தான் முடிந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே கடையில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள் தம்பி, அவர்கள் லெட்டர்பேடில், இன்ன நம்பர் இன்ஜின் இன்னாருக்குக் கொடுக்கப்பட்டது என்று.

கல்லாப்_பக்கம் | பகல் 1:22

அது நல்ல யோசனை அண்ணே, பில்லைத் தொடாமல் கடிதம் மட்டும் என்றால் கடையிலும் மறுக்க மாட்டார்கள். தம்பி, அதைக் கேட்டு எழுதும்போது இப்போது கிடைத்த பில் நம்பரை முதல் வரியில் போடு.

பாம்பன்_வள்ளம் | மாலை 6:45

கடிதத்துக்குச் சொல்லிவிட்டேன், நாளை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அப்பா சொல்கிறார், காற்றாடிக்குக் கொடுத்தது மஞ்சள் நிறத்தில் சின்னச் சீட்டு, கையால் எழுதி மேலே எஸ்டிமேட் என்று போட்டிருந்ததாம். அது பில்லே இல்லையா அக்கா?

கல்லாப்_பக்கம் | இரவு 7:05

இல்லை தம்பி. எஸ்டிமேட் சீட்டு கணினியில் ஏறியிருக்காது, அதற்குத் தேட ஒரு நம்பரும் கிடையாது. அந்தக் கடையில் பழைய எஸ்டிமேட் புத்தகத்தின் அடிக்கட்டையை வைத்திருந்தால் ஏப்ரல் 16, 17ஐப் புரட்டிப் பார்க்கலாம், ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருப்பார்களா என்பது கடையைப் பொறுத்தது. நாளை கடிதம் வாங்கப் போகும்போது நேரில் கேள்.

பாம்பன்_வள்ளம் | இரவு 7:20

சரி அக்கா, கேட்கிறேன். இன்ஜின் பில்லை இப்போதே வீட்டில் எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டேன், அத்தானுக்கும்.